4 ஜிபி போனுக்குப் பரண் கட்டலாமா? விர்ச்சுவல் ரேமை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

அத்தையின் போன் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம். வாங்கியபோது கடைக்காரர் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டி, "4 பிளஸ் 4, மொத்தம் 8 ஜிபிம்மா" என்றிருக்கிறார். அந்தக் கூட்டல் கணக்கை நம்பித்தான் அத்தை கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுத்தார்.

பிரச்சினை ரயில் டிக்கெட்டில் வந்தது. பிரவுசரில் எல்லா விவரமும் நிரப்பி, பணம் கட்டும் பக்கம் வரை போய், ஓடிபி பார்க்க மெசேஜுக்குள் நுழைந்து திரும்பினால் பிரவுசர் வெள்ளைத் திரையில் புதிதாகத் திறக்கும். நிரப்பியது எல்லாம் போச்சு. "ஏன்டா, இதுல 8 ஜிபி இருக்குன்னு சொன்னானே, ஒரு நம்பரைப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள மறந்துடுதே?" என்று போனை என் மடியில் போட்டார். அமைப்புகளில் பார்த்தால் கூடுதல் ரேம் வசதி ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

இந்த வசதிக்கு நிறுவனத்துக்கு ஒரு பெயர். சாம்சங் போனில் RAM Plus, ஷாவ்மியில் Memory extension, ரியல்மி, ஓப்போ போன்களில் RAM expansion, விவோவில் Extended RAM, மோட்டோரோலாவில் RAM Boost, டெக்னோ, இன்ஃபினிக்ஸ் போன்களில் MemFusion. பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அதன் பலன் மட்டும் போனுக்குப் போன் தலைகீழாக மாறும். உங்கள் போனில் அது எந்தப் பக்கம் என்பதை ஒரு யூஎஸ்பி கேபிளும் ஒரு கணினியும் இருந்தால் ஓரிரு நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், எது எங்கே போகிறது

ரேமைச் சமையல் மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கிற பாத்திரம் மேடையில்தான் இருக்க வேண்டும். மேடை நிறைந்தால் ஆண்ட்ராய்டு மூன்று வேலைகளைச் செய்யும்.

ஒன்று, செயலியின் நிரல் மாதிரியான விஷயங்களைத் தூக்கிப் போட்டுவிடும். அவற்றின் அசல் சேமிப்பிடத்தில் கோப்பாக இருக்கிறது. வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம். இரண்டு, அசல் எங்கும் இல்லாத விஷயங்களை, அதாவது நீங்கள் பாதி நிரப்பிய படிவம், திறந்துவைத்த பக்கத்தின் நிலை போன்றவற்றை, அழுத்திச் சுருக்கி ரேமின் ஒரு மூலையிலேயே வைக்கும். இதற்குப் பெயர் இசட்ரேம். மேடையின் கீழே டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவது போல. இது உங்கள் போனில் அந்த வசதியை அணைத்துவைத்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூன்று, அதிலும் இடமில்லை என்றால், கொஞ்ச நேரமாகத் தொடாத செயலி ஒன்றைக் கொன்றுவிடும். கொல்லப்பட்ட செயலிக்குத் திரும்பினால் அது முதலிலிருந்து திறக்கும். அத்தைக்கு நடந்தது இதுதான்.

கூடுதல் ரேம் என்று விற்கப்படுவது, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே கட்டுகிற பரண். சுருக்கி வைத்ததில் வெகுநேரம் தொடாதவற்றைச் சேமிப்பிடத்தில் ஒதுக்கிய பகுதிக்கு ஏற்றிவிடுவார்கள். மேடை ஒரு அங்குலமும் பெரிதாகவில்லை. பரணில் ஏறியதை அங்கேயே வைத்துச் சமைக்கவும் முடியாது. இறக்கி மேடைக்குக் கொண்டுவந்தால்தான் உண்டு.

அதனால்தான் கேம் விளையாடுபவர்களுக்கு இது உதவுவதில்லை. கேம் திரையில் ஓடும்போது அதன் நினைவகம் முழுக்க மேடையில் இருந்தாக வேண்டும். இந்த வசதியால் கிடைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: பின்னணியில் தூங்கும் செயலி சாகாமல் இருக்கும் வாய்ப்பு.

பரணுக்கு ஏணி எப்படி: சேமிப்பிடத்தின் வகை

பட்ஜெட் போன்களில் சேமிப்பிடம் இரண்டு வகை. பழைய, மலிவான வகை இ.எம்.எம்.சி. அதன் 5.1 பதிப்பின் உச்ச வரம்பே வினாடிக்கு 400 எம்பி. நடைமுறையில் அதற்கும் கீழே. புதிய வகை யூ.எஃப்.எஸ், 2.2 பதிப்பில் வினாடிக்கு 1,000 எம்பி அளவுக்குப் படிக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, மலிவான போனின் ரேம்கூட வினாடிக்கு 10 ஜிபிக்கு மேல் தரும்.

ஆனால் இங்கே முக்கியமானது இந்த வேகம் அல்ல. நினைவகம் 4 கேபி அளவுள்ள சிறு பக்கங்களாகத்தான் ஏறி இறங்கும். 100 எம்பியைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் 25,600 பக்கங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ரேமில் ஒரு பக்கத்தைத் தொட நானோ வினாடிக் கணக்கு. சேமிப்பிடத்தில் மைக்ரோ வினாடிக் கணக்கு. அங்கேயே ஆயிரம் மடங்கு வித்தியாசம். இ.எம்.எம்.சி.க்கு இன்னொரு குறை, ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் அதனால் முடியாது. ஒற்றை ஆள் ஏணி. ஒருவர் இறங்கும்வரை இன்னொருவர் ஏற முடியாது. யூ.எஃப்.எஸ்.ஸில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

உங்கள் போன் எந்த வகை? போனில் டெவலப்பர் ஆப்ஷனைத் திறக்க வேண்டும். அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்தில் Build number என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். பிறகு டெவலப்பர் ஆப்ஷனுக்குள் USB debugging என்பதைப் போடுங்கள். கணினியில் கூகுள் இலவசமாகத் தரும் Platform-Tools தொகுப்பை இறக்கி, போனைக் கேபிளில் இணைத்து, போனில் வரும் அனுமதிக் கேள்விக்குச் சம்மதம் கொடுங்கள். அப்புறம் கணினியில் அந்தத் தொகுப்பு இருக்கும் கோப்புறையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, இதைத் தட்டுங்கள். இனி வரும் கட்டளைகளும் அங்கேதான்:

```
adb shell getprop ro.boot.bootdevice
```

பதிலில் ufs என்ற எழுத்துகள் இருந்தால் யூ.எஃப்.எஸ். sdhci, mmc, msdc என்று ஏதாவது இருந்தால் இ.எம்.எம்.சி. சில போன்களில் இந்த வரி வெறுமையாகவோ பயனில்லாமலோ வரும். அப்போது நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விவரப் பக்கத்தில் சேமிப்பிட வகையையே எழுதாமல் விட்டிருந்தால் இ.எம்.எம்.சி. என்று நான் எடுத்துக்கொள்வேன். நல்ல சரக்கை யாரும் மறைத்து விற்பதில்லை.

கையோடு சேமிப்பிடத்தில் எவ்வளவு காலி என்றும் பாருங்கள். அத்தையின் போனில் 64 ஜிபியில் 2 ஜிபிகூட மிச்சமில்லை. குடும்பக் குழுக்களின் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும். ஃபிளாஷ் சேமிப்பிடம் இப்படி விளிம்புவரை நிரம்பினால், புதிதாக எழுத வேண்டிய ஒவ்வொரு முறையும் பழையதைத் துடைத்து இடம் பண்ண வேண்டியிருக்கும். எழுதும் வேகம் படுத்துவிடும். அந்த நிலையில் 4 ஜிபியைப் பரணுக்கு வேறு ஒதுக்கியிருந்தது போன். நோயே மருந்தின் இடத்தில் உட்கார்ந்திருந்த கதை.

செயலியைக் கொன்றது யார் என்று கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். செயலி மறுபடி முதலிலிருந்து திறந்தால் உடனே ரேம் போதவில்லை என்று முடிவுகட்டுகிறோம். பல நேரம் அது ரேமே அல்ல. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று நிறுவனம் போட்ட ஏற்பாடு, பின்னணிச் செயலியை மூடியிருக்கும். அப்படியானால் எத்தனை ஜிபி பரண் கட்டியும் பயனில்லை; அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினால் போதும்.

ஆண்ட்ராய்டு 11 முதல் ஒவ்வொரு செயலியும் ஏன் செத்தது என்ற குறிப்பு போனிலேயே இருக்கிறது. குரோம் பிரவுசருக்கு:

```
adb shell dumpsys activity exit-info com.android.chrome
```

வரும் பட்டியலில் reason= என்ற இடத்தைப் பாருங்கள். 3 என்றால் நினைவகப் பற்றாக்குறை. 10 என்றால் பயனர் கேட்டு மூடியது. சமீபத்திய செயலிகள் பட்டியலில் மேலே தள்ளி மூடினாலும் இப்படி வரலாம். 13 என்றால் வேறு காரணத்துக்காக அமைப்பு மூடியது. சில போன்களில் பற்றாக்குறைக் கொலையும் 2 என்று, வெறும் சிக்னலால் செத்ததாகப் பதிவாகும். அத்தையின் போனில் வரிசையாக 3. பேட்டரி ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியவில்லை.

இங்கே ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அத்தை பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எல்லாச் செயலிகளையும் தள்ளித் தள்ளி மூடுவார், போன் லேசாகும் என்று. தூங்கிக்கொண்டிருந்த செயலியை நாமே கொன்றுவிட்டு, திறக்க நேரமாகிறது என்று போனைத் திட்டுவது நியாயமில்லை.

இடம் இல்லாமலா, இழுபறியாலா

நினைவகம்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால், அதில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். கூடுதல் ரேம் வசதியை அணைத்து, போனை மறுதொடக்கம் செய்துவிட்டு, அரை மணி நேரம் வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். சில மாடல்களில் அணைக்க வழியிருக்காது; இருப்பதிலேயே குறைந்த அளவை வையுங்கள். பிறகு கேபிளை இணைத்து இதை ஓடவிட்டு, செயலிகளை மாற்றி மாற்றித் திறங்கள்:

```
adb logcat -s lowmemorykiller
```

ஒவ்வொரு கொலைக்கும் ஒரு வரி விழும். பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

```
Kill 'com.android.chrome' (14233), uid 10148, oom_score_adj 900 to free 96420kB rss, 61208kB swap; reason: low watermark is breached and swap is low (182044kB < 209712kB)
```

கண்ணுக்குத் தெரிய வேண்டியது reason: என்பதற்குப் பின்னால் வருவது. swap is low என்றிருந்தால், சுருக்கி அடுக்கும் மூலை நிரம்பிவிட்டது, வைக்க இடமில்லை, அதனால் கொன்றேன் என்று போன் சொல்கிறது. இந்தப் புகாருக்குப் பரண் நேரடி மருந்து.

thrashing என்று மட்டும் இருந்தால் கதை வேறு. தூக்கிப் போட்ட நிரல் பக்கங்களையே மறுபடி மறுபடி சேமிப்பிடத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறது போன், வேலை நகரவில்லை. இங்கே இடிபடுவது ஏணியே. அதே ஏணியில் இன்னும் ஆளை ஏற்றினால் நெரிசல் கூடும். இந்த வரிகள்தான் அதிகம் என்றால் வசதியை அணைத்தே வைத்திருங்கள். இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்தால் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சில நிறுவனங்கள் தங்களுடைய சொந்தக் கொலையாளியை வைத்திருக்கும். அப்போது இந்தப் பதிவு வெறுமையாக இருக்கும். கவலைப்பட வேண்டாம், இன்னொரு கணக்கு இருக்கிறது:

```
adb shell "dumpsys meminfo | grep RAM"
```

கடைசியில் ZRAM என்று ஒரு வரி வரும். எடுத்துக்காட்டாக இப்படி:

```
ZRAM: 612,480K physical used for 1,714,944K in swap (2,097,148K total swap)
```

இதை நிதானமாகப் படியுங்கள். அடுக்கிவைக்க மொத்தம் 2 ஜிபி கொள்ளளவு. அதில் 1.6 ஜிபி சரக்கு வைத்தாயிற்று, அதாவது 82 சதவீதம் நிரம்பிவிட்டது. அந்தச் சரக்கு சுருங்கி ரேமில் பிடித்திருக்கும் உண்மையான இடம் சுமார் 600 எம்பி. இரண்டையும் வகுத்தால் 2.8 மடங்குச் சுருக்கம். இசட்ரேமுக்கு இது சாதாரணம். நிரம்பிய சதவீதம் 80, 90 என்று நின்றால் இடப் பற்றாக்குறை. 50 சதவீதத்தில் நிற்கும்போதே செயலிகள் சாகின்றன என்றால் பரண் கட்டி என்ன ஆகப்போகிறது?

இப்போது போட்டுப் பார்ப்போம்

வசதியைத் திறக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். சாம்சங் என்றால் போன் பராமரிப்புப் பக்கத்தில் Memory என்பதற்குள். ஷாவ்மியில் Additional settings என்பதற்குள். ரியல்மி, ஓப்போவில் போனைப் பற்றிய பக்கத்தில் RAM என்ற வரியைத் தட்டினால். கிடைக்காவிட்டால் அமைப்புகளின் தேடல் பெட்டியில் RAM என்று தட்டுங்கள்.

எடுத்தவுடன் பெரிய அளவுக்குப் போகாதீர்கள். 2 ஜிபி இருந்தால் 2. மறுதொடக்கம் கேட்கும், செய்யுங்கள். அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெகுநேரம் தொடாத சரக்குதான் பரணேறும், அதற்கு ஒரு நாளாவது ஆகும்.

அடுத்த நாள் மேலே சொன்ன ZRAM வரியை மறுபடி எடுங்கள். இங்கே ஒரு துப்பு. total swap கூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வகுத்துப் பாருங்கள். விகிதம் 3க்குப் பக்கத்திலேயே நின்றால், சரக்கு பெரும்பாலும் இன்னும் ரேமிலேயே சுருங்கித்தான் இருக்கிறது. சில போன்களில் இந்த வசதி இசட்ரேமின் கொள்ளளவைக் கூட்டுவதோடு சரி, கிடைத்த பலனும் சுருக்கத்தால் வந்ததே. விகிதம் 5, 6 என்று ஏறியிருந்தால் வெறும் சுருக்கத்தால் அது நடக்காது. மிச்சச் சரக்கு பரணில் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து உங்கள் உண்மையான குறையைச் சோதியுங்கள். பொதுவான வேகச் சோதனைச் செயலிகளை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அவை மேடையை அளக்கும், பரணை அளக்காது. அத்தைக்காக நான் வைத்த சுற்று இது: பிரவுசரில் ஒரு படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பு, மெசேஜைத் திற, வாட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் திறந்து மேலே உருட்டு, கேமராவில் ஒரு படம் எடு, யூடியூபில் ஒரு நிமிடம் பார், பிரவுசருக்குத் திரும்பு. பெயர் இருக்கிறதா? இதையே பத்துத் தடவை. வசதியை அணைத்துப் பத்து, போட்டுப் பத்து. கேமராவை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். ஒரே மூச்சில் நிறைய ரேம் கேட்கும் ஆள் அது, அதன் காலடியில்தான் பல செயலிகள் சாகின்றன.

திரும்பும் நேரத்தை எண்ணாகப் பார்க்க ஆசையிருந்தால், கடைசிப் படியை மட்டும் கணினியிலிருந்து செய்யலாம்:

```
adb shell am start -W -n com.android.chrome/com.google.android.apps.chrome.Main
```

LaunchState என்ற வரியில் COLD என்றால் செயலி செத்துப் பிறந்திருக்கிறது. HOT என்றாலோ, ஏற்கெனவே இருந்ததை முன்னுக்குக் கொண்டுவந்தேன் என்று ஓர் எச்சரிக்கை வந்தாலோ, உயிரோடுதான் இருந்தது. TotalTime என்பது மில்லி வினாடி.

அத்தையின் போனில் எனக்குக் கிடைத்தது: அணைத்திருந்தபோது பத்தில் ஆறு முறை படிவம் காலியாக வந்தது. 4 ஜிபி போட்டிருந்தபோது மூன்று முறை. ஆக, உதவியிருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

பலனுக்குக் கொடுக்கும் விலை

உயிரோடு இருந்த ஏழு தடவையிலும் படிவம் வந்தது, ஆனால் தட்டிய விரலுக்குக் கீபோர்டு ஓரிரு வினாடி கழித்துத்தான் எழும்பியது. வாட்ஸ்அப் குழுவை உருட்டும்போது திரை கல்லாய் நின்று பிறகு தாவியது. ரேம் இல்லாத குறையைவிட இந்தத் தவிப்பு எரிச்சலூட்டும். ஏன் என்று பார்க்க, தடுமாறும் நேரத்தில் இதை ஓட்டுங்கள்:

```
adb shell top -m 10
```

kswapd0 என்ற பெயர் மேலே உட்கார்ந்திருக்கிறதா? மேடையிலிருந்து சரக்கைக் கீழும் மேலும் தள்ளுகிற ஆள் அவர். எப்போதாவது வந்து போனால் சரி. சும்மா உருட்டும்போதெல்லாம் முதல் இரண்டு இடத்தில் நிற்கிறார் என்றால் போன் உங்கள் வேலையைவிட இடமாற்ற வேலையில்தான் நேரத்தைச் செலவிடுகிறது. அடுத்து:

```
adb shell vmstat 1 30
```

ஒரு வினாடிக்கு ஒரு வரியாக முப்பது வரி. si என்பது திரும்ப இறக்கியது, so என்பது வெளியே தள்ளியது, wa என்பது சேமிப்பிடத்துக்காகக் காத்திருந்த சதவீதம். si, so பெரிதாக இருந்தும் wa சிறிதாக இருந்தால் எல்லாம் ரேமுக்குள் நடக்கும் சுருக்கல் விரித்தல், பயமில்லை. si ஏறும்போதெல்லாம் wa சேர்ந்து ஏறினால் ஏணியில் வரிசை நிற்கிறது. அத்தையின் போனில் இரண்டும் கைகோத்து ஏறின.

இங்கேதான் சேமிப்பிடத்தை காலி செய்தேன். வாட்ஸ்அப் வீடியோக்களைக் கணினிக்கு மாற்றி, இரண்டு ஷாப்பிங் செயலிகளை அத்தையின் சம்மதத்தோடு நீக்கி, 18 ஜிபி காலியாக்கி, பரணை 4லிருந்து 2 ஜிபிக்குக் குறைத்தேன். மறுநாள் அதே சுற்று. படிவம் காலியானது பத்தில் மூன்று முறை. 4 ஜிபிக்குக் கிடைத்த அதே எண். கீபோர்டு தாமதம் அநேகமாகக் காணோம். மூன்று என்ற எண்ணை அதற்குமேல் குறைக்க முடியவில்லை. இ.எம்.எம்.சி. போனில் 4 ஜிபி ரேமுக்கு அதுதான் எல்லை என்று விட்டுவிட்டேன்.

சித்தி மகனின் போன் 6 ஜிபி ரேம், 128 ஜிபி யூ.எஃப்.எஸ்., பாதி காலி. அதிலும் இதே சுற்றை ஓட்டினேன். அணைத்திருந்தபோது பத்தில் ஒரு தடவை, போட்டபோது ஒன்றுகூட இல்லை, தடுமாற்றமும் இல்லை. கெடுதல் இல்லாத சின்ன நன்மை. அவனுக்கு வேண்டியது கேமில் கூடுதல் வேகம்; அது நகரவே இல்லை என்று இன்னும் என்னிடம் முறைத்துக்கொண்டிருக்கிறான்.

சேமிப்பிடம் தேய்ந்துவிடாதா?

எல்லோரும் கேட்கிற கேள்வி. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி அழிப்பதற்கு எல்லை உண்டு என்பது உண்மை. பட்ஜெட் போன்களில் இருக்கும் வகைக்கு ஆயிரம் சுற்று என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். பரணுக்கு ஒரு நாளைக்கு 2 ஜிபி எழுதப்படுகிறது என்றால் வருடத்துக்கு 730 ஜிபி. 64 ஜிபி சேமிப்பிடத்தில் அது பதினொன்றரைச் சுற்று. உள்ளே நடக்கும் இடமாற்றங்களால் அதுவே நாலைந்து மடங்கு ஆனாலும் வருடத்துக்கு ஐம்பது, அறுபது சுற்று. போனின் பேட்டரி அதற்கு முன்பே கையை விரித்துவிடும். போதாததற்கு லினக்ஸ் கர்னலிலேயே இதற்காக writeback_limit என்று ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எவ்வளவுக்கு மேல் எழுதக் கூடாது என்று நிறுவனம் அதில் வரம்பு வைக்கலாம். நாள் முழுக்க kswapd0 உச்சத்தில் நிற்கிற போனில் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தேய்மானத்துக்கு முன்பே தடுமாற்றம் உங்களை அணைக்க வைத்துவிடும்.

எதைப் போடுவது, எதை விடுவது

3 அல்லது 4 ஜிபி ரேம், இ.எம்.எம்.சி., சேமிப்பிடம் நிரம்பிய போன் என்றால் முதலில் சேமிப்பிடத்தை காலி செய்யுங்கள். ஐந்தில் ஒரு பங்காவது காலியாகும்வரை வசதியை அணைத்தே வைத்திருங்கள். பிறகு மிகக் குறைந்த அளவில் போட்டுச் சோதியுங்கள். பதிவில் swap is low வந்துகொண்டிருந்தால் நிச்சயம் வித்தியாசம் தெரியும்.

4 அல்லது 6 ஜிபி, யூ.எஃப்.எஸ்., இடமும் இருக்கிறது என்றால் 2 முதல் 4 ஜிபி வரை போட்டுவிட்டு மறந்துவிடலாம். இந்த வசதியால் அதிகம் பயனடைவது இந்த இடைப்பட்ட போன்கள்தான். 8 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் ZRAM வரியைப் பாருங்கள். பாதிகூட நிரம்பாத அடுக்குக்குப் பரண் எதற்கு?

புதுப் போன் வாங்கப் போகிறவர்கள் ஸ்டிக்கரில் கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கிற எண்ணை மட்டும் படியுங்கள். விலை ஒன்றாக இருந்தால், இ.எம்.எம்.சி.யோடு வரும் "4+8"ஐவிட யூ.எஃப்.எஸ்.ஸோடு வரும் வெறும் 6 ஜிபி எவ்வளவோ மேல்.

ஓடிபிக்கு ஒரு குறுக்கு வழியும் அத்தைக்குக் காட்டிவிட்டு வந்தேன். மெசேஜ் செயலிக்குள் போகவே வேண்டாம். மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்தாலே ஆறு எண்களும் தெரியும். பிரவுசர் திரையிலேயே இருக்கும், அதனால் அதை யாரும் கொல்ல மாட்டார்கள். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன, ரெண்டு நாளா கம்பியைக் குத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தியே" என்றார்.